குத்துவிளக்குக்கு எத்தனை வாட்? இணையச் சந்தையில் தரகும் வரம்பும் கணக்கோடு ஒட்டாதபோது பார்க்க வேண்டியவை

கொழும்பில் இணையச் சந்தைகள் வழியாக விற்கும் சில சிறு வணிகர்களுக்கு நான் மாதக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும்: "கூட வெட்டிவிட்டார்கள்." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஐந்தாறு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால், இங்கே காரணங்களை விளக்கிவிட்டு விளைவுக்கு வராமல், கணக்கறிக்கையில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்கிறேன்.

தொடங்குமுன் மூன்றைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கட்டளை வாரியாகப் பிரித்துத் தரப்படும் கணக்கறிக்கை. வங்கிக்கு வந்த மொத்தத் தொகையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது, பொருள் வகை வாரியான தரகு அட்டவணை. மூன்றாவது, நீங்கள் சேர்ந்திருக்கும் விற்பனையாளர் திட்டத்தின் பக்கம். பலர் அட்டவணையைக் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறார்கள். அட்டவணை மாறக்கூடியது, தளத்தில் உள்ளதை அன்றன்றைக்குத் திறந்து பாருங்கள். கீழே நான் தரும் அமெரிக்கத் தளங்களின் கட்டணங்களுக்கும் இது பொருந்தும்.

அறிகுறி 1: கழிக்கப்பட்ட தரகு, அட்டவணையில் உள்ள எந்த வீதத்தோடும் பொருந்தவில்லை

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே பித்தளை விளக்குகள் விற்கும் ஓர் அக்கா, கணக்கறிக்கையின் அச்சுப்பிரதியோடு வந்தார். தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை, உள்ளூர்த் தளம். 12 அங்குலக் குத்துவிளக்கு ஒன்று 8,500 ரூபாவுக்கு விற்றிருந்தது. வாங்கியவர் கூரியருக்கு 450 ரூபா தனியாகச் செலுத்தியிருந்தார். 'தரகு' என்ற வரியில் 1,478.54 ரூபா கழிக்கப்பட்டிருந்தது.

"எட்டு வீதம் எண்டுதானே அட்டவணையில இருக்கு தம்பி, ஏன் பதினேழு வெட்டியிருக்கினம்?" என்று கேட்டார். அட்டவணையில் 'சமயப் பொருட்கள்' என்ற வரிக்கு எதிரே உண்மையாகவே 8 சதவீதம் என்றிருந்தது. அதன்படி அவர் எதிர்பார்த்த கழிவு 680 ரூபா. கணிப்பானை எடுத்து 1,478.54 ஐ 8,500 ஆல் வகுத்தால் 17.39 சதவீதம் வருகிறது. இந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

17.39 என்ற வீதம் அட்டவணையில் எங்குமே இல்லை. இப்படி அரைகுறையான ஓர் எண் வந்தால், தளம் தவறான வீதத்தைப் போட்டிருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். நாம் வகுத்த தொகையோ வகுக்கும் தொகையோ தவறாக இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். சரியான இரு தொகைகளும் சந்திக்கும்போது விடை அட்டவணையில் உள்ள முழு எண்ணாகவோ அரை எண்ணாகவோ சுத்தமாக வந்து நிற்கும். அந்தச் சுத்தமான எண் வரும்வரை ஒவ்வொரு படியாக உரித்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் உரிக்க வேண்டியது வரி. தரகு என்பது தளம் வணிகருக்கு வழங்கும் சேவைக்கான கட்டணம். வரிப் பதிவுள்ள உள்ளூர்த் தளம் அதன்மீது பெறுமதி சேர் வரியைச் சேர்த்து அறவிடும். இலங்கையில் இந்த வரி 2024 ஜனவரி 1 முதல் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. அட்டவணையில் உள்ள வீதம் வரிக்கு முந்தையது, கணக்கறிக்கையில் உள்ள தொகை வரிக்குப் பிந்தையது என்ற நிலை இருந்தால் இரண்டும் ஒருபோதும் பொருந்தா. 1,478.54 ஐ 1.18 ஆல் வகுத்தோம். 1,253 ரூபா கிடைத்தது. சதம் ஒன்றும் மிச்சமில்லாமல் வந்ததே நல்ல அறிகுறி. ஆனால் 1,253 ஐ 8,500 ஆல் வகுத்தால் 14.74 சதவீதம். இன்னும் சுத்தமாகவில்லை.

அடுத்து உரிக்க வேண்டியது அடிப்படைத் தொகை, அதாவது எந்தத் தொகையின்மீது தரகு கணக்கிடப்படுகிறது என்பது. பொருளின் விலைமீது மட்டும் என்று வணிகர்கள் இயல்பாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வாங்குபவர் செலுத்தும் அனுப்புகூலியையும் சேர்த்தே பல தளங்கள் கணக்கிடுகின்றன. அமெரிக்க அமேசானில் தரகுக்கான விற்பனைத் தொகையில் அனுப்புகூலியும் பரிசுப் பொதி கட்டணமும் அடங்கும். ஈபேயில் அதற்கும் மேலாக அமெரிக்க விற்பனை வரியும் அந்தத் தொகைக்குள் வந்துவிடுகிறது. இந்த உள்ளூர்த் தளத்திலும் கூரியர் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. 1,253 ஐ 8,950 ஆல் வகுத்தபோது 14.00 சதவீதம் என்று சுத்தமாக வந்து நின்றது.

இதை ஒவ்வொரு கட்டளைக்கும் கையால் செய்ய வேண்டியதில்லை. எக்செல் தாளில் A நிரலில் கழிவையும், B நிரலில் பொருளின் விலையையும், C நிரலில் அனுப்புகூலியையும் இட்டு, D நிரலில் இதை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=A2/1.18/(B2+C2)*100
```

இப்போது அட்டவணையில் 14 சதவீதம் எங்கே இருக்கிறது என்று தேடினோம். 'வீட்டு மின்விளக்குகள்' என்ற வரியில் இருந்தது. குத்துவிளக்கு எப்படி மின்விளக்கு ஆயிற்று என்பதற்கான விடை, பொருளின் பதிவுப் பக்கத்தைத் திறந்ததுமே கிடைத்துவிட்டது. தலைப்பில் ஆங்கிலத்தில் 'பிராஸ் லாம்ப்' என்று எழுதியவுடன் தளம் தானாகவே ஒரு வகையைப் பரிந்துரைத்திருக்கிறது. அக்கா அதைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார். அந்த வகைக்குரிய படிவம் எத்தனை வாட் என்று கட்டாயமாகக் கேட்டிருக்கிறது. அவர் 0 என்று நிரப்பியிருந்தார். குமிழ் பொருத்தும் முறை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது.

வகை தவறாக விழுந்திருப்பதைக் கணக்குப் போடாமலே காட்டிக்கொடுக்கும் அடையாளம் இதுதான். படிவம் கேட்கும் கேள்விகள் பொருளுக்குப் பொருந்தாமல் இருந்தால், நீங்கள் நிற்கும் இடம் தவறு. துணிப்பைக்கு மடிக்கணினியின் அளவு கேட்கப்படுகிறதா, கறித்தூளுக்கு வாசனைத் திரவியத்தின் வகை கேட்கப்படுகிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தரகு வீதத்தைத் தீர்மானிப்பது மேலே தெரியும் பெரிய வகைப்பெயர் அல்ல, வகை மரத்தின் கடைசிக் கிளை. 'வீடும் வாழ்வும்' என்ற ஒரே பெரிய தலைப்பின்கீழ் சமயப் பொருட்களும் மின்விளக்குகளும் அடுத்தடுத்து இருந்தன; வீதமோ 8, 14.

அக்கா எதிர்பார்த்த 680 ரூபாவுக்கும் கழிக்கப்பட்ட 1,478.54 ரூபாவுக்கும் இடையே 798.54 ரூபா வித்தியாசம். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்காகத் தளத்துடன் பேசலாம், எதற்காகப் பேசிப் பயனில்லை என்பது தெரியும். அனுப்புகூலியின்மீதும் 8 சதவீதம் என்பதால் வந்தது 36 ரூபா. சரியான தரகான 716 ரூபாவின்மீது வரி 128.88 ரூபா. இவை இரண்டும் விதிப்படியானவை. வரிப் பதிவு இல்லாத வணிகர் அந்த வரியைத் திரும்பக் கோரவும் முடியாது என்பதால் அதைச் செலவாகவே எழுத வேண்டும். மீதி 633.66 ரூபா, வரியோடு சேர்த்து, தவறான வகையால் மட்டுமே வந்தது. ஒரு விளக்குக்கு அவ்வளவு.

இதே அறிகுறி வேறு உருவங்களிலும் வரும். எல்லாப் பொருட்களுக்கும் சரியாக வந்து, மலிவான பொருட்களுக்கு மட்டும் வீதம் எகிறினால், ஒரு நிலையான தொகை உள்ளே ஒளிந்திருக்கிறது. அமேசானில் பெரும்பாலான வகைகளுக்குக் குறைந்தபட்சத் தரகு 0.30 டொலர், 15 சதவீத வகையில் 1.50 டொலர் பொருளொன்றுக்கு 0.225 வர வேண்டியது 0.30 ஆகிவிடுவதால் உண்மையான வீதம் 20 சதவீதம். கட்டளை ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் சேர்க்கும் தளங்களும் உண்டு. அதைப் பிரித்தெடுக்க ஒரே வகையில் வெவ்வேறு விலையுள்ள இரு கட்டளைகளை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். 1,000 ரூபாக் கட்டளைக்கு வரி நீங்கலாக 150 ரூபாவும் 3,000 ரூபாக் கட்டளைக்கு 350 ரூபாவும் கழிந்திருந்தால், 2,000 ரூபா வித்தியாசத்துக்கு 200 ரூபா, எனவே வீதம் 10 சதவீதம்; எஞ்சிய 50 ரூபா நிலையான கட்டணம். கழிவுக் கூப்பன் பயன்படுத்திய கட்டளைகளில் மட்டும் வீதம் கூடுதலாகத் தெரிந்தால், கூப்பனுக்கு முந்தைய விலைமீது தரகு எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 2: திருத்தப்போனால் "பதிவு வரம்பு முடிந்தது" என்று வருகிறது

வகையை மாற்றுவது ஒரு சொடுக்கில் முடிகிற வேலை என்று நினைத்தோம். விற்பனை நடந்துவிட்ட பதிவின் வகையை வணிகர் தாமாகவே மாற்ற அந்தத் தளம் அனுமதிக்கவில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும், அல்லது சரியான வகையில் புதிய பதிவு போட வேண்டும். புதிய பதிவில் பழைய மதிப்புரைகள் வராது என்பதால் எழுதிக் காத்திருப்பதையே நான் விரும்புவேன். ஆனால் தைப்பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, அக்கா காத்திருக்க விரும்பவில்லை. புதிய பதிவைத் தொடங்கினால், திட்டத்தின் வரம்பான 50 நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. கடைப் பக்கத்திலோ 16 விளக்குகள்தான் தெரிந்தன.

வரம்பு என்று தளங்கள் சொல்வது எதை எண்ணுகிறது என்பதே இங்கு கேள்வி. இந்தத் தளம் அளவு ஒவ்வொன்றையும் தனிப் பதிவாக எண்ணியது. 16 விளக்குகளில் 11 க்கு மூன்று அளவுகள் இருந்தன, அதில் 33, அளவு ஒன்றே உள்ளவை 5, கூட்டினால் 38. மீதி 12 எங்கே என்று தேடியபோது, சென்ற தீபாவளிக்குப் போட்டு, இருப்பு முடிந்ததும் 'நிறுத்திவை' என்று விட்டுவிட்ட சிட்டிவிளக்குப் பெட்டிகள் கிடைத்தன. நிறுத்திவைத்த பதிவு வாங்குபவரின் கண்ணுக்கு மறையும், எண்ணிக்கையிலிருந்து மறையாது. அவற்றை முற்றாக அழித்தோம். அப்போதும் எண்ணிக்கை உடனே இறங்கவில்லை. மறுநாள் காலையில்தான் 38 என்று காட்டியது. இதற்குள் அவர் அடுத்த திட்டத்துக்குப் பணம் கட்டப் போய்விட்டார், நல்ல வேளையாகத் தொலைபேசியில் மறித்தேன்.

ஈபேயில் இதே அறிகுறி வேறு காரணத்தால் வருகிறது, அங்கே பதிவு தடைப்படாமல் கட்டணமாக வெளிப்படுகிறது. கடைத் திட்டம் இல்லாத விற்பனையாளருக்கு அமெரிக்கத் தளத்தில் மாதம் 250 பதிவுகள் இலவசம். அதற்கு மேல் பெரும்பாலான வகைகளில் பதிவொன்றுக்கு 0.35 டொலர். "நான் இந்த மாதம் முப்பதுதானே போட்டேன், பிறகு ஏன் கட்டணம்?" என்று கேட்பவர்கள், நிலையான விலைப் பதிவுகள் விற்று முடியும்வரை மாதத்துக்கு ஒருமுறை தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன என்பதையும், ஒவ்வொரு புதுப்பிப்பும் அந்த 250 இல் ஒன்றைத் தின்றுவிடுகிறது என்பதையும் கவனிப்பதில்லை. ஏற்கெனவே 240 பதிவுகள் நிற்கின்றன, புதிதாக 30 போடுகிறீர்கள் என்றால் 270. மேலதிகமான 20 க்கு 7 டொலர். எதுவும் விற்காவிட்டால், புதிதாக ஒன்றுமே போடாத அடுத்த மாதமும் அதே 7 டொலர் வரும். இரண்டு வகைகளில் ஒரே பொருளைக் காட்டினால் அது இரண்டாக எண்ணப்படும்.

மாதம் எப்போது தொடங்குகிறது என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. அந்த 250 இன் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி முதலாம் திகதி நள்ளிரவில் புதிதாகத் தொடங்குகிறது. அப்போது கொழும்பில் அவர்களுடைய கோடைகால நேரமாயின் பகல் 12.30, இல்லாவிட்டால் 1.30. முதலாம் திகதி காலையிலேயே உற்சாகமாக உட்கார்ந்து பதிவு போடுகிறவர் உண்மையில் முந்தைய மாதத்தின் கணக்கில்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

புதிய விற்பனையாளர்களுக்கு ஈபே தனியாக ஒரு விற்பனை வரம்பும் வைக்கிறது. எத்தனை பொருள், எவ்வளவு தொகைக்கு என்று இரண்டு எல்லைகள் அதில் இருக்கும். அது திட்டத்தோடு தொடர்புடையதல்ல. கடைத் திட்டம் வாங்கியதால் மட்டும் அது உயராது. அறிவிப்பில் தொகை குறிப்பிடப்பட்டிருந்தால் அது இந்த வரம்பு; கட்டணம் மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால் இலவச ஒதுக்கீடு முடிந்திருக்கிறது.

அறிகுறி 3: விலையை ஏற்றினோம், கைக்கு வரும் தொகை குறைந்தது

இதைக் கேட்டால் யாரும் முதலில் நம்புவதில்லை. விலைப் படிகளாகத் தரகு வைக்கும் வகைகளில் இரண்டு விதமான படிகள் உள்ளன. அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரியாகத் தோன்றும்.

முதல் விதத்தில், ஒரு படியைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் புதிய வீதம். அமேசானின் நகை வகையில் 250 டொலர் வரையிலான பகுதிக்கு 20 சதவீதம், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 5 சதவீதம். செட்டியார்தெருவில் செய்வித்த ஒரு நகை 400 டொலருக்கு விற்றால், முதல் 250 க்கு 50 டொலர், மீதி 150 க்கு 7.50, ஆக 57.50 டொலர். 400 க்கும் 20 சதவீதம் என்று 80 டொலரை ஒதுக்கி வைப்பவரும் தவறு, 250 ஐத் தாண்டியதால் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்று 20 டொலரை எழுதுபவரும் தவறு.

இரண்டாம் விதத்தில், படியைத் தாண்டியதும் முழு விலைக்கும் புதிய வீதம் பாய்கிறது. அமேசானின் ஆடை வகை 2024 ஜனவரியிலிருந்து இப்படித்தான் இருக்கிறது: 15 டொலர் வரை 5 சதவீதம், 15 க்கு மேல் 20 வரை 10 சதவீதம், 20 க்கு மேல் 17 சதவீதம். ஒரு பத்திக் சட்டையை 20 டொலருக்கு விற்றால் தரகு 2 டொலர், கைக்கு 18. அதையே 20.50 என்று ஏற்றினால் தரகு ஏறத்தாழ 3.49, கைக்கு 17.01 தான். ஐம்பது சதம் ஏற்றி ஒரு டொலரை இழக்கிறோம். 18 டொலர் திரும்பவும் கைக்கு வர, விலையை 21.69 வரை கொண்டுபோக வேண்டும். எனவே 20.01 இலிருந்து 21.68 வரையிலான விலைகள் யாருக்கும் பயனற்றவை. ஒன்றில் 20 இல் நில்லுங்கள், அல்லது 22 க்குத் துணியுங்கள். 15 டொலர் எல்லையிலும் இப்படி ஒரு குழி உண்டு, அது 15.83 வரை நீள்கிறது.

அனுப்புகூலியும் அடிப்படைத் தொகையில் சேர்கிறது என்று மேலே சொன்னது இங்கே கடுமையாகக் கடிக்கும். 18 டொலர் சட்டைக்கு 3 டொலர் அனுப்புகூலி வைத்தால் தொகை 21, தரகு 3.57. விலைப்பட்டியலில் 18 என்றுதான் தெரிவதால், 10 சதவீதப் படியில் இருக்கிறோம் என்று வணிகர் நம்பிக்கொண்டிருப்பார்.

எந்த விதமான படி என்று அறிய, அட்டவணையின் சொற்களைப் படியுங்கள்: தொகையின் 'ஒரு பகுதிக்கு' என்று எழுதியிருக்கிறதா, விலை இவ்வளவுக்கு மேற்பட்ட 'பொருட்களுக்கு' என்று எழுதியிருக்கிறதா? சொற்கள் தெளிவில்லாவிட்டால், எல்லையைத் தாண்டிய ஒரு கட்டளையை எடுத்து அறிகுறி 1 இல் சொன்னபடி வகுத்துப் பாருங்கள். விடை அட்டவணையின் எண்ணாக அப்படியே வந்தால் முழு விலைக்கும் பாய்கிறது. இரண்டு வீதங்களுக்கும் நடுவே விழுந்தால், நகையில் 57.50 என்பது 14.375 சதவீதமாக வருவது போல, பகுதி பகுதியாகக் கணக்கிடப்படுகிறது.

அறிகுறி 4: திட்டத்தை உயர்த்தியும் தரகு குறையவில்லை

குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பே சில தளங்களில் தவறானது. அமேசானில் தனிநபர் திட்டத்துக்கு மாதக் கட்டணம் இல்லை, விற்ற பொருளொன்றுக்கு 0.99 டொலர்; தொழில்முறைத் திட்டத்துக்கு மாதம் 39.99 டொலர், அந்த 0.99 இல்லை. வகைவாரித் தரகு இரண்டிலும் ஒன்றே. ஆகவே மாதம் 40 பொருட்கள் வரை தனிநபர் திட்டமே மலிவு, 41 ஆவது பொருளிலிருந்து மற்றது மலிவு. விற்பனை கூடும் மாதத்தை மட்டும் பார்த்து உயர்த்திவிட்டு, மந்தமான மாதங்களிலும் 39.99 கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈபேயில் கடைத் திட்டம் இலவசப் பதிவுகளைக் கூட்டுவதோடு, சில திட்டங்களில் சில வகைகளின் தரகையும் குறைக்கிறது. உங்கள் பொருள் அந்த வகைகளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளூர்த் தளங்களில் திட்டம் பெரும்பாலும் பதிவு எண்ணிக்கையையும் விளம்பர வசதியையும் மட்டுமே தொடுகிறது என்பது என் அனுபவம். புறக்கோட்டையில் கைபேசி உறைகள் விற்கும் ஒருவர் தரகு குறையும் என்று நம்பி ஆண்டுத் திட்டம் வாங்கியபோது, அவருக்குக் கிடைத்தது அவர் நிரப்பவே முடியாத ஆயிரம் பதிவுக்கான இடம்.

அறிகுறி 5: பொருள் திரும்பி வந்தது, தரகு முழுதாகத் திரும்பவில்லை

தரகு திரும்பினாலும் அதில் ஒரு பகுதியைக் கையாளல் கட்டணமாகத் தளம் வைத்துக்கொள்ளலாம். அமேசானில் அது தரகின் 20 சதவீதம் அல்லது 5 டொலர், இரண்டில் குறைந்தது. 25 டொலர் ஆடைக்குத் தரகு 4.25, திரும்பி வந்தால் 0.85 நிற்கும். இதற்கு முறைப்பாடு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி 6: வகையைத் திருத்திய பிறகும் பழைய வீதமே கழிகிறது

கணக்கறிக்கையின் திகதியைப் பார்க்காமல், கட்டளையிட்ட திகதியைப் பாருங்கள். திருத்தத்துக்கு முன் கட்டளையிடப்பட்டு, அதன்பின் பொருள் ஒப்படைக்கப்பட்டு, அதற்கும் பின் கொடுப்பனவு வந்தால், கட்டளை நாளின் வகையே செல்லும். வெள்ளவத்தை அக்காவின் அடுத்த இரண்டு கணக்கறிக்கைகளிலும் பழைய 1,478.54 தொடர்ந்து வந்தது இதனால்தான்.

பழைய கட்டளைகளுக்கு எதையாவது திரும்பப் பெற முடியுமா என்று முயன்றோம். தவறான வகையில் ஒரே விலையில் விற்ற விளக்குகள் 11. அவற்றின் கட்டளை எண்கள், அன்றைய வகையின் பெயர், சரியான வகையின் பெயர், ஒவ்வொன்றிலும் கூடுதலாகக் கழிந்த 633.66 ரூபா ஆகியவற்றை ஒரே அட்டவணையாக எழுதி, எண்ணெயூற்றித் திரியேற்றும் விளக்கு இது, மின்சாரம் பாவிப்பதில்லை என்பதைக் காட்டும் படத்தோடு அனுப்பினோம். "கூட வெட்டிவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தால் பதிலும் ஒற்றை வரியில்தான் வந்திருக்கும். கடைசி இரண்டு கொடுப்பனவுக் காலங்களில் வந்த 4 கட்டளைகளுக்கு மொத்தம் 2,534.64 ரூபாவைத் திருப்பி வரவு வைத்தார்கள். மற்ற 7 க்கும், வகையைத் தெரிவுசெய்தது விற்பனையாளரே என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது, அக்காவுக்குப் படவில்லை.

வகையை மாற்றச் சொல்லிக் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை: பொருள் உண்மையில் எந்த வகையோ அதற்குத்தான் கேட்க வேண்டும். அதே அக்காவிடம் மின்கலத்தில் எரியும் அலங்கார விளக்கு ஒன்றும் இருந்தது. பூசையறைக்குத்தானே வாங்குகிறார்கள், அதையும் 8 சதவீதத்துக்கு மாற்றிவிடலாமே என்றார். வேண்டாம் என்றேன். தரகுக்காக வகையைத் திரித்த பதிவைத் தளம் நீக்கினால் அதன் மதிப்புரைகளும் சேர்ந்தே போகும்.

பொங்கலுக்குப் பிறகு வந்த முதல் கணக்கறிக்கையில் 12 அங்குலக் குத்துவிளக்கு ஒன்று இருந்தது: விலை 8,500, அனுப்புகூலி 450, தரகு 844.88. வகுத்துப் பார்த்தோம், 8.00 என்று நின்றது. அதற்குக் கீழே கொடுப்பனவுக் கட்டணம் என்று 211.22 ரூபா முன்போலவே கழிந்திருந்தது. அதையும் அதே சூத்திரத்தில் போட்டார் அக்கா, இம்முறை என் உதவியில்லாமல், 2.00 வந்தது.